துணிப் படத்தில் டேக், ஹேங்கர், கிளிப் அழிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். தைத்த பிளவுஸ், சுடிதார் டாப் எல்லாவற்றையும் படம் எடுத்து ஆன்லைனில் போடுவது என் வேலை. முதல் வருடம் ஒரு பிளவுஸ் படத்தைப் போட்டேன், அக்குள் பக்கம் துணிக்கடைச் சீட்டு ஒன்று தொங்கியதைக் கவனிக்கவில்லை. ஓசூரிலிருந்து ஒரு அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "துணி 180 ரூபாய்னு போட்டிருக்கே, நீங்க 750 சொல்றீங்களே" என்று கேட்டார். லைனிங், பைப்பிங், தையல்கூலி என்று அக்கா கணக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஆர்டர் போய்விட்டது. அன்றிலிருந்து இந்த அழிக்கிற வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கம் கடை வைத்திருக்கும் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

டேக்கைக் கழட்டிட்டுப் போட்டோ எடுத்தா முடிஞ்சுதே, எதுக்கு இவ்ளோ வேலை?

முடிந்தால் அதையே செய்யுங்கள். கழட்ட 10 வினாடி, அழிக்க 10 நிமிடம். ஆனால் எல்லா நேரமும் கழட்ட முடியாது. பர்கூரில் எடுத்து வந்த ரெடிமேட் டாப்பில் டேக்கை வெட்டிவிட்டால் கடைக்காரர் மாற்றித் தர மாட்டார், அதனால் விற்கும் வரை டேக் அதிலேயே இருக்க வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் டேக்கைத் துணிக்குள்ளே தள்ளிவிட்டு எடுங்கள். மெல்லிய துணியில் உள்ளே இருக்கும் அட்டை வெளியே தடமாகத் தெரியும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்: டேக்குக்குப் பின்னால் இருக்கும் துணியைக் கேமரா பார்க்கவே இல்லை. நாம் டேக்கை "எடுப்பது" இல்லை, அந்த இடத்தில் வேறு துணியைக் கொண்டு வந்து ஒட்டுப் போடுகிறோம். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடும்போது அதே துணியில் துண்டு தேடுவோமே, அதே கதைதான். துண்டு பக்கத்திலேயே இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் இன்னொரு படத்திலிருந்து எடுத்து வர வேண்டும்.

போன்லயே பண்ண முடியுமா, கம்ப்யூட்டர் கட்டாயம் வேணுமா?

ஒரே நிறத் துணி, சாதா சுவர் என்றால் போன் போதும். நான் Snapseed வைத்திருக்கிறேன், இலவசம். படத்தைத் திறந்து Tools, அதில் Healing. இதில் தூரிகையின் அளவை மாற்றப் பொத்தான் கிடையாது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். விரலால் படத்தை எவ்வளவு பெரிதாக்குகிறீர்களோ அவ்வளவு சின்ன இடத்தில்தான் அது வேலை செய்யும், அதுதான் அளவு. நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, டேக்கை ஒரே இழுப்பில் தேய்க்காமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி உள்ளே வாருங்கள். சரியாக வரவில்லை என்றால் கீழே இருக்கும் அம்புக்குறியைத் தொட்டுப் பின்னால் போய், விரலை வேறு பக்கத்திலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

எந்தத் துணியை எடுத்து ஒட்டுவது என்று அதுவே முடிவு செய்கிறது, நமக்குச் சொல்ல வழி இல்லை. அதனால் கட்டம், பூ, ஜரிகை என்று வந்துவிட்டால் போனில் மல்லுக்கட்ட வேண்டாம். கம்ப்யூட்டரில் GIMP போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். கொஞ்சம் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். எங்கள் கடையில் இருப்பது பில் போட வாங்கிய பழைய மெஷின், அதிலேயே ஓடுகிறது.

டேக் போயிடுச்சு, ஆனா அந்த இடம் மட்டும் அழுக்குப் பட்ட மாதிரி இருக்கே?

நிழலை விட்டுவிட்டீர்கள். டேக் துணிமேல் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை, கொஞ்சம் தள்ளித் தொங்குகிறது, அதனால் அதன் நிழல் பக்கத்தில் விழும். ஜன்னல் இடது பக்கம் என்றால் நிழல் வலது பக்கம். டேக்கை மட்டும் அழித்துவிட்டு நிழலை விட்டால் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு திட்டு நிற்கும். வெளிர் நிறத் துணியில் அதைப் பார்க்கிறவர் கறைபட்ட துணி என்றுதான் நினைப்பார், டேக்கே இருந்திருந்தால் தேவலை.

அழிக்க ஆரம்பிக்கும் முன் டேக், நூல், நூல் கோத்த இடம், நிழல் என்று நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். பிளாஸ்டிக் இழை குத்தியிருக்கும் தையலில் துணி லேசாக இழுபட்டுக் குழி விழுந்திருக்கும், அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. துணியும் சுவரும் சேரும் ஓரத்தில் Healing போட்டால் இரண்டு நிறத்தையும் கலந்து ஓரத்தைக் கரைத்துவிடும், மை பட்ட விரலால் தேய்த்த மாதிரி. ஓரத்தை ஒட்டிய இடத்தில் Heal வேண்டாம், அடுத்துச் சொல்லப்போகும் Clone தான் சரி.

கட்டம் போட்ட துணியில டேக் இருந்தா கோடு கோணலாப் போகுது, என்ன பண்றது?

GIMP-இல் `C` அழுத்தினால் Clone கருவி வரும். `Ctrl` அழுத்திக்கொண்டு ஓர் இடத்தில் சொடுக்கினால் "இங்கிருந்து எடு" என்று அர்த்தம், அப்புறம் தேய்க்கிற இடத்தில் அந்தத் துணி வந்து விழும். கீழே Alignment என்று இருப்பதை Aligned-இல் வையுங்கள், கையை எடுத்து எடுத்துத் தேய்த்தாலும் எடுக்கிற இடத்துக்கும் ஒட்டுகிற இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம் மாறாது.

எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன மாதம் ஒரு பிளவுஸ், அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம், இடது பக்கத் தையலுக்கு மேலே டேக். இரண்டு மஞ்சள் கோடு வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்று டேக்குக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. அந்தப் புள்ளியின் நடுவில் `Ctrl` சொடுக்கு. அடுத்து, டேக்குக்கு அடியில் அதே மாதிரிப் புள்ளி எங்கே வர வேண்டும் என்று பக்கத்துக் கோடுகளை நீட்டிப் பார்த்து, சரியாக அங்கே தூரிகையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். முதல் புள்ளி சரியாக உட்கார்ந்தால் மீதிக் கோடுகள் தாமாகச் சேரும். கட்டம் பார்த்து வெட்டித் தைக்கிறவர்களுக்கு இது புதுசே இல்லை, பக்கத் தையலில் முன்பாகமும் பின்பாகமும் கோடு சேர வைக்கிற அதே வேலைதான்.

தொங்கும் துணியில் கோடு நேராக இருக்காது, மடிப்போடு வளையும். அதனால் தூரத்திலிருந்து எடுக்காமல் அதே கோட்டில் ஒரு கட்டம் மேலே, இல்லாவிட்டால் ஒரு கட்டம் கீழேயிருந்து எடுங்கள். தூரிகை ஓரம் மிருதுவாக இருந்தால் மெல்லிய கோடு மங்கிப்போகும், Hardness-ஐக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி வாட்ஸ்அப்ல அனுப்பின படத்துல பண்ணா ஏன் கட்டம் கட்டமா வருது?

சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சின்னதாக்கி நசுக்கித்தான் அனுப்பும். துணியின் இழை போய்விடும், அங்கங்கே சதுரத் திட்டு மட்டும் மிஞ்சும், அழிக்கும்போது அதுவும் சேர்ந்து நகர்ந்து வரும். Document ஆக அனுப்பச் சொல்லுங்கள், கேமராவில் இருந்தபடியே வரும். வேலை முடிந்து போடும்போது எப்படி நசுங்கினாலும் பரவாயில்லை, முடிந்த பிறகுதானே.

ஹேங்கரை அழிச்சா கழுத்துக்குள்ள வெறும் சுவர் தெரியுது, ஓட்டை மாதிரி இருக்கு. மத்தவங்க படத்துல மட்டும் எப்படி உள்பக்கம் தெரியுது?

அவர்கள் இரண்டு படம் எடுக்கிறார்கள். ரகசியம் அவ்வளவுதான். முன் கழுத்துக்கும் பின் கழுத்துக்கும் நடுவில் தெரிய வேண்டியது பின்பாகத்தின் உள்பக்கம், அதாவது லைனிங். அதை ஹேங்கர் மறைத்துக்கொண்டு இருக்கிறது. முதல் பதிலில் சொன்னதுதான், கேமரா பார்க்காததை ஒட்டுப் போட முடியாது, ஆகவே பார்க்க வைக்க வேண்டும்.

போனை அசையாமல் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லை என்றால் ஸ்டூல் மேல் இரண்டு செங்கல், நடுவில் போன், அதுவே போதும். கேமரா கழுத்து உயரத்திற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் பின் கழுத்து வளைவு தெரியும். திரையில் பிளவுஸ் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு படமும் இரண்டு நிறத்தில் வரும். டைமர் 3 வினாடி வையுங்கள், கை படும்போது ஆடாது. முதல் படம் சாதாரணமாக. அடுத்து பிளவுஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதே ஹேங்கரில் பின்பாகம் கேமராவைப் பார்க்கும்படி மாட்டி, அதே ஆணியில் தொங்கவிட்டு இரண்டாவது படம். இப்போது ஹேங்கர் துணிக்குப் பின்னால் போய்விடும், பின் கழுத்தின் உள்பக்கம் மறைப்பில்லாமல் முழுசாகத் தெரியும். இடம் வலம் மாறாது, திருப்ப வேண்டியதில்லை.

GIMP-இல் உள்பக்கப் படத்தை முதலில் திறந்து, File > Open as Layers கொண்டு முன்பக்கப் படத்தை அதன் மேலே கொண்டு வாருங்கள். மேல் படத்தின் Opacity-ஐ 50-க்கு இறக்கினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். இரண்டு தோள் தையலும் பொருந்தும்வரை கீழ்ப் படத்தை நகர்த்துங்கள், கழுத்து பொருந்துகிறதா என்று பார்க்காதீர்கள், தோள்தான் கணக்கு. பொருந்தியதும் Opacity-ஐ 100 ஆக்கி, மேல் படத்துக்கு Layer > Mask > Add Layer Masks (பழைய பதிப்பில் Add Layer Mask) என்று போய் White தேர்ந்தெடுத்து, முன் கழுத்து ஓரத்தை ஒட்டி உள்ளே கருப்பு நிறத்தால் தேய்த்தால் ஹேங்கர் மறைந்து லைனிங் எட்டிப் பார்க்கும். தப்பாகத் தேய்த்தால் வெள்ளையால் தேய்த்தால் திரும்பி வரும், எதுவும் அழிந்து போவதில்லை. பின் கழுத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி கடைசியில். Layer > New from Visible போட்டால் தெரிவதெல்லாம் ஒரே படமாக மேலே வரும், அதில் `H` அழுத்தி Heal கருவியால் சுவரை ஒட்டுங்கள், துணி ஓரத்தில் மட்டும் Clone.

இத்தனையும் செய்து முடித்து, அக்காவிடம் காட்டினால், "காகிதத்தை வெட்டி ஒட்டின மாதிரி இருக்குடா" என்றார். அன்றைக்கு இரவெல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. கழுத்துக்குள் எப்போதும் நிழல் இருக்கும், நான் எடுத்த உள்பக்கமோ வெளியே வெளிச்சத்தில் நின்று எடுத்தது. கீழ்ப் படத்தை Colors > Curves-இல் கொஞ்சம் இருட்டாக்கியதும், முன் கழுத்துக்குக் கீழே போகப் போக இன்னும் கொஞ்சம் இருட்டாக்கியதும் சரியாக உட்கார்ந்தது. இதை New from Visible போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், அதற்குப் பிறகு கீழ்ப் படத்தை மாற்றினால் மேலே தெரியாது. எவ்வளவு என்று எண் சொல்ல முடியாது. கையை மடக்கி உள்ளங்கைக்குள் பாருங்கள், வெளியே இருப்பதைவிட எவ்வளவு இருட்டோ ஏறக்குறைய அவ்வளவு.

ரெண்டாவது படம் எடுக்கல, பிளவுஸும் டெலிவரி ஆயிடுச்சு. இப்ப என்ன பண்றது?

லைனிங் ஒரே நிறம் என்றால், அதே துணியில் தைத்த வேறு பிளவுஸின் உள்பக்கத்தை எடுத்து வைக்கலாம், கழுத்து வளைவு ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் ஹேங்கரை அழிக்காமல் கொக்கியை மட்டும் எடுத்துவிடுங்கள். நல்ல மர ஹேங்கர் கழுத்துக்குள் தெரிவதில் ஒரு அசிங்கமும் இல்லை. அரைகுறையாக அழித்த கழுத்துதான் அசிங்கம்.

நெட் துணி, ஷிஃபான்ல ஹேங்கர் துணி வழியாவே தெரியுதே?

அதை விட்டுவிடுங்கள். துணி வழியாகத் தெரியும் ஹேங்கரை அழிக்கப் போனால் துணியையே அழித்து மறுபடி வரைய வேண்டியிருக்கும். வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல் துணியைப் படுக்க வைத்து, மேலேயிருந்து எடுங்கள். ஹேங்கரே இல்லை, வேலையும் இல்லை.

டம்மிக்குப் பின்னாடி துணி கிளிப் போட்டு இழுத்து எடுத்தேன். கிளிப்பை அழிச்சாச்சு, ஆனாலும் ஏதோ சரியில்ல, என்ன அது?

மடிப்பைப் பாருங்கள். கிளிப் பிடித்த இடத்தை நோக்கி இடுப்பிலிருந்து நாலைந்து சுருக்கம் விசிறி மாதிரிப் போகும். கிளிப்பை எடுத்த பிறகும் அந்தச் சுருக்கமெல்லாம் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அங்கே ஒன்றும் இல்லை. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் உறுத்தும். சுருக்கத்தை ஒவ்வொன்றாக Heal போட்டு மழுப்பினால் துணி ரப்பர் மாதிரி ஆகிவிடும். இதை அழித்துச் சரிசெய்ய நான் எடுத்த முயற்சி எல்லாம் வீண், திரும்பப் படம் எடுப்பதுதான் சீக்கிரம்.

எங்கள் டம்மி 32 அளவு, டாப் பெரும்பாலும் 36-க்கு மேல். முன்பெல்லாம் பின்னால் நாலு கிளிப் போடுவேன். இப்போது டம்மிக்கே பழைய துண்டைச் சுற்றி, மேலே ஒரு பனியனை மாட்டிவிடுகிறேன். மார்புக்கு ஒரு சுற்று, இடுப்புக்கு அரைச் சுற்று, டேப் வைத்து அளந்து 36 வந்ததும் நிறுத்திக்கொள்வேன். கிளிப்பே தேவைப்படுவதில்லை. அப்படியும் லேசாகப் பிடிக்க வேண்டும் என்றால் முதுகின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக வரிசையாகக் குண்டூசி குத்துங்கள், இழுப்பு ஒரே இடத்தில் சேராமல் பரவிவிடும்.

அப்படி இழுத்துப் பிடிச்சு எடுத்தா அது ஏமாத்துற மாதிரி ஆகாதா?

ஆகும். 40 அளவு டாப்பை இழுத்துப் பிடித்து இடுப்பு ஒடுங்கின மாதிரிக் காட்டினால், வாங்கியவர் போட்டுப் பார்த்து "படத்துல இருந்த ஷேப் இல்லையே" என்பார். தைத்துத் தருகிற கடைக்கு இந்தப் பேர் ஆகாது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளும், விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

நான் வைத்திருக்கும் கோடு இது: பார்சலில் வராததை அழிக்கலாம், பார்சலில் வருவதை அழிக்கக் கூடாது. ஹேங்கர், கிளிப், துணிக்கடைச் சீட்டு எதுவும் வாங்குபவர் வீட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் நூல் முடிச்சு, சாயம் சீராக இல்லாத இடம், ஒட்டுப் போட்ட தையல், இதெல்லாம் துணியோடு போகும். டேக்கை அழிக்கும்போது பக்கத்தில் ஒரு நூல் முடிச்சு இருந்தால் கை தானாக அங்கேயும் போகும், எனக்கும் போயிருக்கிறது.

ரெடிமேட் டாப்ல கழுத்துல இருக்கிற கம்பெனி லேபிளை அழிச்சுட்டு நம்ம கடை பேரு போடலாமா?

மேலே சொன்ன கோட்டிலேயே பதில் இருக்கிறது, லேபிள் பார்சலில் போகிறது. தொங்கும் டேக்கை அழிப்பது வேறு, இன்னொருவர் தைத்ததை நாம் தைத்தது மாதிரிக் காட்டுவது வேறு. இதை யாராவது காசு கொடுத்துக் கேட்டாலும் நான் செய்து தருவதில்லை. அளவு, சலவை விவரம் உள்ள சீட்டையும் விட்டுவிடுங்கள், முடிந்தால் அதற்கென்றே தனியாக ஒரு படம் போடுங்கள், கேள்வி குறையும்.

எல்லாம் முடிஞ்சுது. எடிட் பண்ணது தெரியுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாது. Image > Transform > Flip Horizontally போட்டு இடம் வலமாகத் திருப்புங்கள், படம் புதுசாகத் தெரியும், தப்பு உடனே கண்ணில் அடிக்கும். பார்த்து முடித்ததும் மறக்காமல் திரும்பத் திருப்பிவிடுங்கள். ஒருமுறை அப்படியே போட்டுவிட்டேன், புடவை முந்தானை வலது தோளில் போன மாதிரி ஆகிவிட்டது, கமெண்ட்டில் ஓட்டித் தள்ளிவிட்டார்கள்.

அடுத்து இரட்டைப் பிள்ளைகளைத் தேடுங்கள். Clone போட்ட இடத்தில் ஒரே பூ, ஒரே ஜரிகைப் புள்ளி, ஒரே சுருக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை வந்திருக்கும். அதில் ஒன்றின் மேல் வேறு இடத்துத் துணியைக் கொஞ்சம் தேய்த்தால் போதும். அப்புறம் போனில் வெளிச்சத்தை முழுசாக வைத்து, சின்னப் படமாகவும் பெரிதாக்கியும் ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் தெரியாத நிழல் திட்டு போனில் தெரியும், வாங்குபவர் பார்ப்பதும் போனில்தானே. கடைசியாக, இதற்கு முன் அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, "இதுல என்ன அழிச்சிருக்கேன்?" என்று கேட்காதீர்கள், தேட ஆரம்பித்துவிடுவார். "இந்த பிளவுஸ் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அக்கா பைப்பிங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் படத்தை ஏற்றிவிடுவேன்.